பில் மூலையில் இருக்கும் க்யூஆர் கோடு: உள்ளே என்ன இருக்கிறது, எப்படிப் படிப்பது?

சப்ளையரிடமிருந்து வரும் ஜிஎஸ்டி பில்லின் மூலையில் பெரிய சைஸில் ஒரு க்யூஆர் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணம் அனுப்பும் ஆப்பில் அதைக் காட்டினால், 'இது செல்லாத கோடு' என்று சொல்லிவிடும். போன் கேமராவில் காட்டினால், `eyJ` என்று தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத எழுத்துக் குவியல் வரும். 'ஏதோ கவர்மென்ட் ஃபார்மாலிட்டி' என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பில் எண், தேதி, தொகை, விற்றவர் யார், வாங்கியவர் யார் என எல்லாமே அந்தக் குவியலுக்குள் இருக்கிறது. அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் கையால் டைப் செய்யும் விவரங்களில் பாதியை அதிலிருந்தே எடுத்துவிடலாம். பில் அசலா, போலியா என்பதற்கான ஒரு முக்கியமான தடயமும் அதில்தான் இருக்கிறது. எப்படி எடுப்பது, எதுவரை நம்பலாம் என்று பார்ப்போம்.

இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கியது. வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அதாவது திருப்பூரில் நூல் விற்கும் நடுத்தர வியாபாரியும் இப்போது இந்த வட்டத்துக்குள் வந்துவிடலாம்.

'இ-இன்வாய்ஸ்' என்றால் பில்லை அரசு தளத்தில் தயாரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விற்பவர் தன் சாஃப்ட்வேரிலேயே பில் போடுகிறார். அதன் விவரங்களை இன்வாய்ஸ் பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறார். என்ஐசி நடத்தும் தளமும் இருக்கிறது, அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்களின் தளங்களும் இருக்கின்றன. அந்தத் தளம் விவரங்களைச் சரிபார்த்து, ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணைக் கொடுக்கிறது. கூடவே, முக்கிய விவரங்களைச் சேர்த்து, டிஜிட்டல் கையெழுத்து போட்டு, க்யூஆர் கோடுக்கான வரியையும் திருப்பி அனுப்புகிறது. விற்பவர் அந்த வரியை க்யூஆர் படமாக்கி பில்லில் அச்சிடுகிறார்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடுக்குள் இருக்கும் தகவலில் கையெழுத்து போடுவது பதிவுத் தளம். பில் தாளில் மற்றதையெல்லாம் அச்சிடுவது விற்பவர். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஒத்துப்போகிறதா என்று யாரும் தானாகப் பார்ப்பதில்லை. அதை வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

ஏன் பார்க்க வேண்டும்? இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் அதைப் போடாமல் சாதாரண பில் கொடுத்தால், ஜிஎஸ்டி விதி 48(5)-ன்படி அது இன்வாய்ஸாகவே கருதப்படாது. அந்த பில்லைக் காட்டி நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவு, அதாவது ஐடிசி, சிக்கலில் மாட்டும். பில் கொடுத்தவர் அவர். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்!

முதல் படி: படத்திலிருந்து எழுத்துக்கு

பில் பிடிஎஃப்பாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினியில் இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது, பிடிஎஃப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தெளிவில் படமாக்கும். இரண்டாவது, அந்தப் படத்தில் உள்ள கோடைப் படித்து ஒரு கோப்பில் போடும்.

```
pdftoppm -r 300 -png bill.pdf page
zbarimg --raw -q page-1.png > qr.txt
```

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த முதல் படியில்தான். காரணம் எளிது. கடையில் பணம் கட்டும் யுபிஐ கோடில் பெரும்பாலும் நூறு, இருநூறு எழுத்துகள் இருக்கும். இ-இன்வாய்ஸ் கோடில் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். கையெழுத்து மட்டுமே 342 எழுத்துகளை எடுத்துக்கொள்கிறது. அத்தனையும் உள்ளே அடங்க, கோடு ஒரு பக்கத்துக்கு சுமார் 117 கட்டங்களாவது கொண்ட அடர்த்தியான சதுரமாக இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க அதை 2 சென்டிமீட்டரில் அச்சிட்டால், ஒரு கட்டம் 0.17 மில்லிமீட்டர்தான் வரும். 300 தெளிவில் ஸ்கேன் செய்தால் ஒரு கட்டத்துக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். கொஞ்சம் மை பரவினாலும், தாள் கசங்கினாலும் கதை முடிந்தது. அதையே 5 சென்டிமீட்டரில் அச்சிட்டால் ஒரு கட்டத்துக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும், எளிதாகப் படித்துவிடலாம். சப்ளையரிடம், 'கோடை கொஞ்சம் பெருசா போடுங்க' என்று கேட்பது எந்த சாஃப்ட்வேரையும்விட நல்ல தீர்வு.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த பில்லும் இதே காரணத்தால்தான் மக்கர் செய்கிறது. போட்டோவை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. கட்டங்களின் ஓரங்கள் மங்கிவிடுகின்றன. அதே பில்லை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் பிடிஎஃப் அப்படியே வந்துசேரும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் வேண்டாம். அதில் திரையின் தெளிவுதான் கிடைக்கும், பிடிஎஃப்பின் தெளிவு கிடைக்காது.

இன்னொரு விஷயம். சிலர் பணம் கட்ட வசதியாக அதே பக்கத்தில் யுபிஐ கோடையும் போட்டிருப்பார்கள். அப்போது `qr.txt` கோப்பில் இரண்டு வரிகள் வரும். `upi://` என்று தொடங்குவது பணத்துக்கானது. `eyJ` என்று தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: எழுத்திலிருந்து விவரத்துக்கு

அந்த நீண்ட வரியைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் இரண்டு முற்றுப்புள்ளிகள் தெரியும். அவை வரியை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. முதல் துண்டில், எந்த முறையில், எந்தச் சாவியால் கையெழுத்து போடப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. இரண்டாவதில் பில் விவரம். மூன்றாவது, கையெழுத்து. இணையத்தில் லாகின் வேலைகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜேடபிள்யூடி என்ற அமைப்புதான் இது. புதிதாக எதுவும் இல்லை.

அந்த எழுத்துக் குவியல் ரகசியக் குறியீடும் இல்லை. பேஸ்64 என்ற முறையில் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் திருப்பி மாற்றலாம். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை.

```python
import base64, json

def decode(part):
    part += "=" * (-len(part) % 4)
    return json.loads(base64.urlsafe_b64decode(part))

qr = open("qr.txt").read().strip()
head, body, sign = qr.split(".")
bill = json.loads(decode(body)["data"])
print(bill["DocNo"], bill["DocDt"], bill["TotInvVal"])
```

இதில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒன்று, பேஸ்64 வரியின் நீளம் நான்கால் வகுபட வேண்டும். ஜேடபிள்யூடி முறையில், கடைசியில் வரும் `=` குறிகளை விட்டுவிடுகிறார்கள். அதைத் திரும்பச் சேர்க்கத்தான் `decode`-இன் முதல் வரி. இரண்டு, பில் விவரம் நேரடியாக இல்லை. `data` என்ற பெயரின் கீழ் ஒரு எழுத்துச் சரமாக இருக்கிறது. டப்பாவுக்குள் இன்னொரு டப்பா மாதிரி. அதனால்தான் `json.loads` இரண்டு தடவை வேலை செய்கிறது.

உதாரணத்துக்கு, முழுக்கக் கற்பனையான ஒரு நூல் பில்லை எடுத்துக்கொள்வோம். உள்ளே இப்படி இருக்கும்:

```json
{"SellerGstin": "33ABCDE1234F1Z5",
 "BuyerGstin": "33PQRST5678K1Z2",
 "DocNo": "YN/0187", "DocTyp": "INV",
 "DocDt": "12/11/2024",
 "TotInvVal": 273000, "ItemCnt": 3,
 "MainHsnCode": "520523",
 "Irn": "a5c1...9e07",
 "IrnDt": "2024-11-12 17:42:00"}
```

விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், பில்லின் வகை, தேதி, மொத்தத் தொகை, எத்தனை பொருட்கள், முக்கியமான பொருளின் எச்எஸ்என் எண், ஐஆர்என், அது கொடுக்கப்பட்ட நேரம். மொத்தம் பத்து விவரங்கள். இரண்டு ஜிஎஸ்டி எண்களும் 33-ல் தொடங்குவதால் இருவருமே தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் என்பதும் தெரிகிறது.

எக்செலுக்கு மாற்றும்போது ஜாக்கிரதை. `12/11/2024` என்றால் நவம்பர் 12. அமெரிக்க முறையில் தேதியைப் படிக்கும்படி செட்டிங் இருந்தால் எக்செல் அதை டிசம்பர் 11 ஆக்கிவிடும். பில் வேறு மாதக் கணக்குக்குப் போய்விடும். தேயிலைக்கான 0902 போல பூஜ்யத்தில் தொடங்கும் எச்எஸ்என் எண்ணை எண்ணாகப் படித்தால் முதல் பூஜ்யம் காணாமல் போகும். `11-24` என்று பில் எண் இருந்தால் அதுவும் தேதியாக மாறிவிடும். பில் எண், எச்எஸ்என் இரண்டையும் எப்போதும் டெக்ஸ்டாகவே வையுங்கள்.

வரிப் பிரிவு எங்கே?

மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். சிஜிஎஸ்டி எவ்வளவு, எஸ்ஜிஎஸ்டி எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. மூன்று பொருட்கள் என்று இருக்கிறது, அவை என்னென்ன என்று இல்லை. கோடை மட்டும் படித்து முழு பில்லையும் கணக்கில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

மொத்தத் தொகையிலிருந்து வரியைப் பின்னோக்கிக் கணக்கிடலாமே என்று தோன்றலாம். செய்யாதீர்கள். மூன்று பொருளுக்கும் ஒரே வரி விகிதம்தான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மொத்தத்தில் ரவுண்ட் ஆஃப், மற்ற கட்டணங்களும் கலந்திருக்கலாம்.

வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வரி விவரத்தைப் பழையபடி பில்லைப் பார்த்தே டைப் செய்யுங்கள். கூட்டுத் தொகை மட்டும் கோடில் உள்ள தொகையோடு பொருந்த வேண்டும். நம் நூல் பில்லில் பொருளின் மதிப்பு 2,60,000. 5 சதவீத வரி, சிஜிஎஸ்டி 6,500, எஸ்ஜிஎஸ்டி 6,500 எனப் பிரிகிறது. கூட்டினால் 2,73,000. கோடும் அதையே சொல்கிறது. சரி.

ஒருவர் அவசரத்தில் 2,37,000 என்று டைப் செய்துவிட்டார் என்று வைப்போம். வித்தியாசம் 36,000. இது ஒன்பதால் வகுபடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது பழைய கணக்கர்களுக்குத் தெரிந்த சூட்சுமம். மாதக் கடைசியில் தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் இந்தப் பிழையை, பில் உள்ளே வரும்போதே கோடு பிடித்துக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு பொருளின் விவரமும் தானாகவே வேண்டும் என்றால் அதற்கு வழி வேறு. `einvoice.gst.gov.in` தளத்தில் உங்கள் ஜிஎஸ்டி லாகின் மூலம் நுழைந்து, உங்களுக்கு வந்த இ-இன்வாய்ஸ்களின் முழு ஜேசன் கோப்பைப் பதிவிறக்கலாம். எந்த பில்லை எடுக்க வேண்டும் என்பதற்கு, கோடிலிருந்து கிடைத்த ஐஆர்என் அடையாளமாக உதவும்.

மூன்றாம் படி: கையெழுத்தைச் சரிபார்ப்பது

மேலே உள்ள புரோகிராம் கோடைப் படிக்கிறது. ஆனால் அது உண்மையான கோடா என்று பார்க்கவில்லை. இந்த வித்தியாசம்தான் மிக முக்கியம்.

யாராவது அதே மாதிரி பத்து விவரங்களை எழுதி, பேஸ்64-க்கு மாற்றி, மூன்றாவது துண்டாக ஏதோ எழுத்துகளை ஒட்டி, க்யூஆர் படமாக்கி பில்லில் போடலாம். அரை மணி நேர வேலை. நம் புரோகிராம் அதையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் படித்துக்காட்டும்.

இதைப் பிடிப்பது கையெழுத்துச் சோதனை. பதிவுத் தளத்திடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று ரகசியச் சாவி, கையெழுத்து போட மட்டும். மற்றது பொதுச் சாவி, யார் வேண்டுமானாலும் சரிபார்க்க. பொதுச் சாவியால் கையெழுத்தைச் சரிபார்க்கலாம், போட முடியாது. பில்லில் ஒரு இலக்கத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. பொதுச் சாவியை இ-இன்வாய்ஸ் தளத்திலிருந்து பதிவிறக்கி, PyJWT நூலகம் மூலம் ஒரே வரியில் சோதிக்கலாம்.

```python
import jwt
public_key = open("irp_public.pem").read()
body = jwt.decode(qr, public_key, algorithms=["RS256"])
```

கையெழுத்து தவறு என்றால் இந்த வரி பிழை காட்டி நின்றுவிடும். `algorithms=["RS256"]` என்று நாமே குறிப்பிடுவதற்கும் காரணம் இருக்கிறது. கையெழுத்து முறை எது என்று கோடின் முதல் துண்டும் சொல்கிறது. ஆனால் போலி செய்பவர் அங்கே 'கையெழுத்தே இல்லை' என்றுகூட எழுதி வைக்கலாம். எந்த முறையில் சோதிப்பது என்பதைச் சோதிக்கப்படுபவரே முடிவு செய்யக் கூடாது, இல்லையா?

சோதனை தோற்றவுடன் 'போலி பில்' என்று சப்ளையரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வேறு பதிவுத் தளம் கையெழுத்து போட்டிருக்கலாம், அல்லது சாவி மாறியிருக்கலாம். முதல் துண்டில் உள்ள `kid`, எந்தச் சாவி என்பதைச் சொல்லும். இரண்டாவது துண்டில் உள்ள `iss`, யார் கையெழுத்து போட்டது என்பதைச் சொல்லும். சரியான சாவியை வைத்தும் தோற்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய சாவிகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பழைய பில்லைச் சரிபார்க்க அவைதான் தேவைப்படும்.

புரோகிராம் எழுதத் தெரியாது என்றாலும் பரவாயில்லை. ஜிஎஸ்டி நெட்வொர்க் இதற்கென்றே இலவசமாக ஒரு மொபைல் ஆப்பை வெளியிட்டிருக்கிறது. பெயர் `e-Invoice QR Code Verifier`. நாளைக்கு ஐந்து, பத்து பில் வரும் இடத்துக்கு அதுவே போதும்.

கையெழுத்து சரி, பில் தப்பு: அது எப்படி?

கையெழுத்து சரியாக இருந்தும் பில் செல்லாமல் போக இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, ஒட்டு வேலை. உண்மையான பழைய பில்லின் கோடை வெட்டி, புது பில்லில் ஒட்டிவிடுவது. கோடு அசல், அதனால் கையெழுத்து பொருந்தும். தாளில் உள்ள எண்தான் வேறு. பச்சை டிக் வந்தவுடன் நகர்ந்துவிடாமல், கோடுக்குள் உள்ள பில் எண், தேதி, தொகை, ஐஆர்என் எல்லாம் தாளில் அச்சிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். `BuyerGstin` உங்கள் எண்தானா என்பதையும் பாருங்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களில் பதிவு இருந்தால், வேறு கிளையின் பில் இங்கே வந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

இரண்டாவது, ரத்து. ஐஆர்என் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் விற்பவர் அதைப் பதிவுத் தளத்தில் ரத்து செய்யலாம். ஆனால் அச்சிட்ட கோடு அச்சிட்டதுதான். ரத்தான பிறகும் அதன் கையெழுத்து சரியாகவே இருக்கும். நம் நூல் பில்லுக்கு நவம்பர் 12 மாலை 5.42-க்கு ஐஆர்என் கிடைத்தது. அன்று இரவே நீங்கள் சோதித்து எல்லாம் சரி என்று கண்டாலும், மறுநாள் மாலை 5.42 வரை ரத்தாக வாய்ப்பு இருக்கிறது. `IrnDt` உடன் 24 மணி நேரத்தைக் கூட்டி, அதற்குப் பிறகு ஐஆர்என்-இன் நிலையை இணையதளத்தில் ஒருமுறை பார்ப்பதே சரியான முறை. இணையம் இல்லாமல் கோடை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதையெல்லாம் செய்தாலும், சரக்கு உண்மையில் வந்ததா என்பதைக் கோடு சொல்லாது. சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு, முறைப்படி ஐஆர்என் வாங்குவதும் நடக்கக்கூடியதுதான். அதற்கு குடோன் பதிவேடுதான் சாட்சி. அதேபோல் ஐடிசி எடுக்க, சப்ளையர் ரிட்டர்ன் தாக்கல் செய்து, பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யிலும் வர வேண்டும். கோடு இருப்பது அதற்குப் பதிலாகாது. அங்கேயும் ஐஆர்என் வருவதால், இரண்டு பட்டியலையும் அதை வைத்தே பொருத்திப் பார்க்கலாம்.

கோடு இல்லாத பில் எல்லாம் போலியா?

இல்லை. 5 கோடி வரம்பைத் தாண்டாத வியாபாரிக்கு இது பொருந்தாது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிகள் போன்ற சில துறைகளுக்கு விலக்கு உண்டு. ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குப் போடும் பில்லுக்கும் ஐஆர்என் கிடையாது. மிகப் பெரிய நிறுவனங்களின் அப்படிப்பட்ட பில்லில் ஒரு கோடு இருக்கலாம். அது பணம் கட்டுவதற்கான கோடு, இது வேறு.

எங்கிருந்து தொடங்கலாம்?

முழு ஆட்டோமேஷனுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். போன மாத பில் பிடிஎஃப்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, மேலே உள்ள முதல் இரண்டு படிகளை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு பில்லுக்கும் பத்து விவரங்களை ஒரு பட்டியலாக எடுங்கள். ஐஆர்என் எந்த இரண்டு பில்லுக்கும் ஒன்றாக இருக்காது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, பில் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் அது உருவாக்கப்படுகிறது. எனவே உங்கள் பட்டியலில் ஒரே ஐஆர்என் இரண்டு தடவை வந்தால், ஒரே பில் மெயிலில் ஒரு தடவையும் வாட்ஸ்அப்பில் ஒரு தடவையும் வந்து, இரண்டு தடவை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏறியிருந்தால், ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.